ஒரு ‘வணக்கம்’ கம்பியில் இறங்கும்வரை: தரவு அடுக்கடுக்காக உறையிடப்படும் விதம்

மட்டக்களப்பு கல்லடியில் உயர்தர மாணவர்களுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். தரவை அடுக்கடுக்காக உறையிடும் என்கெப்சுலேஷன் என்றால் என்ன என்று கேட்டால், ஒன்றுக்குள் ஒன்றாகப் பெட்டிகளை வரைந்து, ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ‘ஹெடர்’ என்று எழுதிவிடுவார்கள். விடைத்தாளுக்கு அது போதும். ஆனால் அந்த ஹெடரில் எத்தனை பைட், அதில் என்ன எழுதியிருக்கிறது, எந்த அடுக்குக்கு எது தெரியும் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். வலையமைப்பில் ஏதாவது பிழைக்கும்போது கைகொடுப்பது அந்த விவரங்கள்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒரு கணினியில் ‘வணக்கம்’ என்று தட்டி இன்னொன்றுக்கு அனுப்புவோம். அது நெட்வேர்க் கார்டிடம் போகும்போது 63 பைட் ஆகியிருக்கும். அந்த 63 பைட்டையும் ஒன்று விடாமல் பார்ப்போம். அப்புறம், அதே கணக்கை வைத்துக்கொண்டு, சில வீடுகளில் கூகுள் திறக்கிறது ஆனால் வேறு சில தளங்கள் சுற்றிக்கொண்டே நிற்கின்றன என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் கண்டுபிடிப்போம்.

## தேவையானவை

லினக்ஸ் உள்ள இரண்டு கணினிகள், ஒரு சுவிட்ச், இரண்டு கேபிள். ஒரே கணினிக்குள் தனக்குத் தானே அனுப்பிப் பார்த்தால் ஈதர்நெட் அடுக்கு சரியாகத் தெரியாது, ஆகவே இரண்டு கணினி கட்டாயம். வைஃபையிலும் செய்யலாம். ஆனால் அங்கே காற்றில் போகும் ஹெடர் வேறு. டிரைவர் அதை ஈதர்நெட் வடிவத்துக்கு மாற்றித்தான் உங்களுக்குக் காட்டும். முதல் தடவை கேபிளில் செய்வதே நல்லது.

அனுப்பும் கணினிக்கு `192.168.1.10`, பெறும் கணினிக்கு `192.168.1.20` என்று முகவரி வைத்திருக்கிறேன். இரண்டிலும் பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலைத் திறந்து `udp.port == 5000` என்று வடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பார்ப்பது முக்கியம். ஒரே பொதி இரு பக்கத்திலும் கொஞ்சம் வேறுபட்டுத் தெரியும், அந்த வேறுபாட்டில் நிறைய விஷயம் இருக்கிறது.

பெறும் கணினியில்:

```
nc -u -l 5000
```

அனுப்பும் கணினியில்:

```
printf 'வணக்கம்' | nc -u -w1 -p 50000 192.168.1.20 5000
```

`-u` என்பது யூடிபி. டிசிபியை எடுக்காததற்குக் காரணம், அது தரவை அனுப்புமுன் மூன்று பொதிகளில் கைகுலுக்கிக்கொள்ளும், அப்புறம் ஒப்புதல்களும் வரும். யூடிபியில் ஒரு சொல், ஒரு பொதி. உறையிடும் வேலையை மட்டும் தனியாகப் பார்க்க இதுதான் வசதி.

## மேலிருந்து வரும் 21 பைட்

‘வணக்கம்’ எத்தனை பைட்? நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு ஏழு குறியீடுகள்: வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். ஆக 21.

```
e0 ae b5  e0 ae a3  e0 ae 95  e0 af 8d
e0 ae 95  e0 ae ae  e0 af 8d
```

பிரயோக அடுக்கின் வேலை இங்கே முடிந்துவிட்டது. `nc` ஒரு எளிய நிரல் என்பதால் தன் பங்குக்கு எந்த ஹெடரும் சேர்க்கவில்லை. உலாவியாக இருந்தால் இந்த இடத்திலேயே எச்டிடிபி தலைப்பு வரிகள் சேர்ந்திருக்கும், அதன்மேல் மறைகுறியாக்க உறையும் வந்திருக்கும்.

இந்த 21 பைட்டும் இயக்குதளத்தின் கேர்னலுக்குள் ஒரு நினைவகத் துண்டில் எழுதப்படுகின்றன. லினக்ஸ் இங்கே ஒரு புத்திசாலித்தனமான வேலை செய்கிறது. துண்டின் தொடக்கத்தில் எழுதாமல், முன்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டு எழுதுகிறது. அடுத்து வரும் ஒவ்வொரு அடுக்கும் அந்த வெற்றிடத்தில் முன்பக்கமாக நகர்ந்து தன் ஹெடரை எழுதிக்கொள்ளும். 21 பைட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘பொதி இங்கே தொடங்குகிறது’ என்று காட்டும் சுட்டி மட்டும் முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வோர் அடுக்கும் எல்லாவற்றையும் புதிதாகப் பிரதியெடுத்து ஒரு பெரிய பெட்டிக்குள் போடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடந்தால் வேகமே இருக்காது.

## யூடிபி சேர்க்கும் 8 பைட்

முதலில் வருவது போக்குவரத்து அடுக்கு. யூடிபி ஹெடர் 1980இல் வரையறுக்கப்பட்டது; அன்றிலிருந்து அதே எட்டு பைட்தான்:

```
c3 50  13 88  00 1d  a7 2d
```

இரண்டிரண்டாகப் பிரித்துப் படியுங்கள். `c350` என்பது 50000, அனுப்பும் போர்ட். `1388` என்பது 5000, பெறும் போர்ட். `001d` என்பது 29, அதாவது 8 பைட் ஹெடரும் 21 பைட் தரவும் சேர்ந்த நீளம். கடைசி `a72d` சரிபார்ப்புத் தொகை.

இந்த ஹெடருக்குள் மூன்று வகையான செய்தி இருப்பதைக் கவனியுங்கள். யாருக்குப் போக வேண்டும் என்ற முகவரி, எங்கே முடிகிறது என்ற அளவு, வழியில் கெட்டுப்போனதா என்று பார்க்க ஒரு சோதனை. கீழே வரும் அடுக்குகளிலும் இதே மூன்றைத் தேடிக்கொண்டே போனால் எந்தப் புதிய ஹெடரைப் பார்த்தாலும் மிரள வேண்டியதில்லை. ஐபியிலும் ஈதர்நெட்டிலும் நான்காவதாக ஒன்றும் இருக்கும்: ‘எனக்கு மேலே இருப்பவர் யார்’ என்ற குறி. யூடிபியில் அந்த வேலையைப் போர்ட் எண்ணே செய்துவிடுகிறது. 5000 என்றால் `nc`இடம் கொடு என்பதுதான் அர்த்தம்.

சரிபார்ப்புத் தொகையில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கும் தன் வேலையை மட்டும் பார்க்கும், மற்றதைத் திரும்பியும் பார்க்காது என்று பாடத்தில் சொல்கிறோம். யூடிபி இந்த விதியை மீறுகிறது. `a72d` என்ற எண்ணைக் கணக்கிட அது தன் ஹெடரையும் தரவையும் மட்டுமல்லாமல், இன்னும் எழுதப்படாத ஐபி ஹெடரிலிருந்து அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, நெறிமுறை எண் ஆகியவற்றையும் கூட்டிக்கொள்கிறது. முகவரி மாறி வேறொரு கணினிக்குப் போய்விட்ட பொதியை அங்கே ஏற்றுக்கொள்ளாமல் இருக்க இது ஒரு காவல். ஆகவே யூடிபி ஹெடர் முடியும் முன்பே ‘இது எந்த வழியால், எந்த முகவரியிலிருந்து போகப் போகிறது’ என்று கேர்னல் தீர்மானித்திருக்க வேண்டும்.

இங்கே மாணவர்களைக் குழப்பும் ஒன்று நடக்கும். பெறும் கணினியின் வயர்ஷார்க்கில் `a72d` என்று சரியாகத் தெரியும். அனுப்பும் கணினியில் பார்த்தால் `839d` என்று வேறு எண் இருக்கலாம், பிழை என்றும் காட்டலாம். ஒரு பிழையும் இல்லை. கேர்னல் முகவரிகள், நெறிமுறை எண், யூடிபி நீளம் ஆகியவற்றை மட்டும் கூட்டி `839d` என்று எழுதிவிட்டு மிச்சத்தை நெட்வேர்க் கார்டிடம் விட்டுவிடுகிறது. வயர்ஷார்க் பொதியைப் படம் பிடிப்பது கார்டுக்கு முன்னால். கார்டு கணக்கை முடிப்பதை அது பார்ப்பதில்லை. அனுப்பும் பக்கத்தில் மட்டும் சரிபார்ப்புத் தொகை பிழை என்று வந்தால், கேபிளைக் கழற்றிப் பார்க்கும் முன் மறுபக்கத்தில் பாருங்கள்.

## ஐபி சேர்க்கும் 20 பைட்

இப்போது கையில் 29 பைட். ஐபி அடுக்குக்கு இதற்குள் போர்ட் எண் இருக்கிறதா, தமிழ் இருக்கிறதா என்று எதுவும் தேவையில்லை. 29 பைட் கொண்ட ஒரு கட்டு, அவ்வளவுதான். அதற்கு முன்னால் இதை எழுதுகிறது:

```
45 00 00 31  1a 2b 40 00  40 11 9d 22
c0 a8 01 0a  c0 a8 01 14
```

`45`இல் 4 என்பது பதிப்பு, 5 என்பது ஹெடரின் நீளம் நான்கு பைட் கொண்ட ஐந்து சொற்கள், அதாவது 20 பைட். `0031` என்பது 49: 20ம் 29ம் சேர்ந்த மொத்த நீளம். `1a2b` பொதியின் அடையாள எண், உங்களுக்கு வேறாக வரும். `4000` என்பது ‘இதைத் துண்டாக்காதே’ என்ற கொடி. இந்தக் கொடியை நினைவில் வையுங்கள், கடைசியில் அக்கரைப்பற்று வீடொன்றின் முறைப்பாட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

அடுத்து `40`, அதாவது 64: இன்னும் எத்தனை ரௌட்டர் தாண்டலாம் என்ற டிடிஎல் எண்ணிக்கை. `11` என்பது 17. இதுதான் நான் சொன்ன ‘மேலே யார்’ குறி. 17 என்றால் யூடிபி, 6 என்றால் டிசிபி, 1 என்றால் ஐசிஎம்பி. `9d22` ஐபி ஹெடருக்கான சரிபார்ப்புத் தொகை. தரவை அது தொடுவதில்லை. கடைசி எட்டு பைட்டும் இரண்டு முகவரிகள். `c0 a8 01 0a` என்பதை ஒவ்வொரு பைட்டாகப் பதின்ம எண்ணாக்கினால் `192.168.1.10`.

`9d22`ஐக் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம், வகுப்பில் எப்போதும் செய்விக்கிறேன். ஹெடரை இரண்டு பைட் எண்களாகப் பிரியுங்கள், தொகையின் இடத்தில் பூச்சியம் வையுங்கள், எல்லாவற்றையும் கூட்டுங்கள்:

```
4500+0031+1a2b+4000+4011+0000
+c0a8+010a+c0a8+0114 = 262db
62db + 2 = 62dd
ffff - 62dd = 9d22
```

நான்கு இலக்கத்தைத் தாண்டிய `2`ஐ வெட்டி மீண்டும் அடியில் கூட்டுகிறோம், பிறகு `ffff`இலிருந்து கழிக்கிறோம். ஒரு தடவை காகிதத்தில் செய்தால் இந்த ஹெடர் மறக்காது.

## ஈதர்நெட்: முன்னால் 14, பின்னால் 4

49 பைட் ஆகிவிட்டது. இனி இது கம்பியில் இறங்க வேண்டும். ஆனால் கம்பிக்கு ஐபி முகவரி புரியாது, நெட்வேர்க் கார்டின் சொந்த முகவரியான மெக் முகவரிதான் வேண்டும். பெறுநரின் மெக் முகவரி தெரியாவிட்டால் பொதி அப்படியே காத்திருக்கும். கேர்னல் ஒரு ஏஆர்பி கேள்வியைச் சுவிட்சில் உள்ள எல்லோருக்கும் அனுப்பும்: ‘`192.168.1.20` யார்?’ பதில் வந்தபிறகுதான் ஹெடர் முழுமையாகும். இதைப் பார்க்க விரும்பினால் அனுப்பும் முன் `sudo ip neigh flush all` என்று கொடுத்துவிட்டு, வயர்ஷார்க் வடிகட்டியை `arp or udp.port == 5000` என்று மாற்றுங்கள். கேள்வி, பதில், அதன் பின் நம் பொதி என்று வரிசையாக வரும்.

```
02 00 00 00 00 14  02 00 00 00 00 0a  08 00
```

முதல் ஆறு பைட் பெறுநர், அடுத்த ஆறு அனுப்புநர். ஐபியில் அனுப்புநர் முதலில் வந்தார், இங்கே பெறுநர் முதலில். சுவிட்ச் முதல் ஆறு பைட்டைப் பார்த்ததுமே எந்தப் பக்கம் தள்ளுவது என்று முடிவெடுக்க இந்த ஒழுங்கு உதவுகிறது. மெக் முகவரிகளைப் படிக்க எளிதாக இருக்கும்படி வைத்திருக்கிறேன், உங்கள் கார்டில் வேறாக இருக்கும். கடைசி `0800` இங்கே ‘மேலே யார்’ குறி: ஐபி பதிப்பு 4. சற்று முன் பார்த்த ஏஆர்பி பொதியில் இதே இடத்தில் `0806` இருந்திருக்கும்.

14ம் 49ம் 63. வயர்ஷார்க்கில் `Length` என்ற நிரலில் இதே எண் நிற்கும். ஆனால் கம்பியில் போவது 63 அல்ல. கார்டு கடைசியில் நான்கு பைட் சரிபார்ப்பு எண் ஒன்றை ஒட்டும். இங்குதான் முதல் தடவையாகத் தரவுக்குப் பின்னாலும் ஒன்று சேர்கிறது. பெறும் கார்டு அதைச் சரிபார்த்துவிட்டுக் கழற்றிவிடுவதால் வழக்கமாக இரு பக்க வயர்ஷார்க்கிலும் அது தெரியாது. முன்னால் எட்டு பைட் தாள அறிவிப்பும், பொதிகளுக்கிடையே பன்னிரண்டு பைட் அளவு இடைவெளியும் உண்டு. கூட்டினால் 87. நாம் அனுப்பியது 21.

‘சேர், அப்ப சின்னச் செய்தி அனுப்பினா நட்டம்தானே?’ என்று ஒரு மாணவி கேட்டாள். ஆம், எவ்வளவு சிறிதோ அவ்வளவு நட்டம். சோதித்துப் பாருங்கள். ‘வணக்கம்’ இடத்தில் `ok` என்று இரண்டு பைட் அனுப்புங்கள். 2, 8, 20 சேர்ந்து 30. ஈதர்நெட் தன் உறைக்குள் குறைந்தது 46 பைட் இருக்க வேண்டும் என்று கேட்கும். பற்றாத 16 பைட்டுக்குக் கார்டு பூச்சியங்களை இட்டு நிரப்பும். அனுப்பும் பக்கத்தில் `Length` 44, பெறும் பக்கத்தில் 60. அந்த 16 பூச்சியமும் தரவு அல்ல என்று பெறுநருக்கு எப்படித் தெரியும்? ஐபி ஹெடரில் மொத்த நீளம் 30 என்று இருக்கிறது. 30க்கு மேல் வந்ததை ஐபி அடுக்கு வெட்டி எறிந்துவிடும். யூடிபி ஹெடரில் அளவு இருந்தும் ஐபி ஹெடரிலும் அது ஏன் மீண்டும் எழுதப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

## மறுபக்கத்தில் கழற்றும்போது

இது சுருக்கமான கதை. பெறும் கார்டு, முகவரி தன்னுடையது என்றும் சரிபார்ப்பு எண் பொருந்துகிறது என்றும் பார்க்கும். `0800` என்ற குறியைப் பார்த்து ஐபியிடம் கொடுக்கும். ஐபி, `11` என்ற குறியைப் பார்த்து யூடிபியிடம் கொடுக்கும். யூடிபி, 5000ஐப் பார்த்து `nc`இடம் 21 பைட்டைக் கொடுக்கும்.

ஏதாவது ஓர் இடத்தில் அடையாளம் பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே நிற்கும், எங்கே நின்றது என்றும் கண்டுபிடிக்கலாம். பெறும் பக்கத்தில் `nc`ஐ நிறுத்திவிட்டு மறுபடி அனுப்புங்கள். இப்போது ‘அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை’ என்று ஐசிஎம்பி பதில் ஒன்று திரும்பி வரும். அதைத் திறந்தால் உள்ளே நீங்கள் அனுப்பிய அதே ஐபி ஹெடர், யூடிபி ஹெடர் எல்லாம் இருக்கும். எந்தப் பொதியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்வதற்காகப் பழைய பொதியின் தலையையே உள்ளே வைத்து உறையிட்டு அனுப்புகிறது. இந்தப் பதில் வந்தால் கேபிள், சுவிட்ச், ஐபி எல்லாம் சரி, கடைசிப் படியில் மட்டும்தான் ஆள் இல்லை என்று அர்த்தம். எந்தப் பதிலும் வராமல் ஏஆர்பி கேள்வி மட்டும் திரும்பத் திரும்பப் போனால் பிழை அதற்கும் கீழே.

## நடுவில் ரௌட்டர் இருந்தால்

அடுத்த கட்டடத்தில் `192.168.3.20` என்ற கணினிக்கு அதே சொல்லை அனுப்புகிறோம், நடுவில் ஒரு ரௌட்டர் இருக்கிறது என்று வைப்போம். ஐபி ஹெடரில் பெறுநராக `192.168.3.20` இருக்கும். ஆனால் ஈதர்நெட் ஹெடரில் இருப்பது ரௌட்டரின் மெக் முகவரி. ஏனென்றால் ஈதர்நெட் ஹெடர் இந்த ஒரு கம்பிக்கு மட்டும்தான்.

ரௌட்டர் அந்த 14 பைட்டையும் கழற்றி எறிந்துவிடும். ஐபி ஹெடரில் `40`ஐ `3f` ஆக்கும். ஒரு பைட் மாறியதால் சரிபார்ப்புத் தொகையும் மாற வேண்டும்: இந்தப் பொதி கிளம்பும்போது `9b22` என்றால், வெளியேறும்போது `9c22`. அடுத்த கம்பிக்கான புது மெக் முகவரிகளோடு புது ஈதர்நெட் ஹெடர் போட்டு அனுப்பும். யூடிபி ஹெடரையும் நம் 21 பைட்டையும் தொடவே இல்லை.

வீட்டு ரௌட்டர் கொஞ்சம் அதிகமாகச் செய்யும். உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றுவதால், முகவரியைச் சேர்த்துக் கணக்கிட்ட யூடிபி தொகையையும் அது திருத்தியாக வேண்டும். ஒழுங்காக அடுக்குப் பிரித்திருந்தால் இந்த வேலை வந்திருக்காது.

## இன்னோர் உறை வந்து சேரும்போது

அக்கரைப்பற்றில் ஒரு வீட்டிலிருந்து வந்த முறைப்பாடு இது. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைப்பு. பழைய ரௌட்டர் பழுதாகிப் புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டியிருந்தார்கள். பிங் போகிறது, கூகுள் திறக்கிறது, வாட்ஸ்அப் செய்தி போகிறது. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான பக்கம் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ‘தளம் பழுது’ என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். அதே பக்கம் கைத்தொலைபேசியின் டேட்டாவில் உடனே திறந்தது.

ஈதர்நெட் உறைக்குள் அதிகபட்சம் 1500 பைட் வைக்கலாம். இதுவரை அதற்குள் நேராக ஐபி பொதி இருந்தது. இந்த வகை இணைப்புகள் பலவற்றில், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போவதற்காக, ஈதர்நெட்டுக்கும் ஐபிக்கும் நடுவில் பிபிபிஓஇ என்ற உறை ஒன்று நுழைகிறது. ‘மேலே யார்’ குறி `0800` இல்லாமல் `8864` ஆகிவிடும், அதன்பின் ஆறு பைட் ஒரு ஹெடர், இரண்டு பைட் இன்னொன்று. மொத்தம் எட்டு. வெளி உறையின் கொள்ளளவு மாறவில்லை, ஆகவே ஐபி பொதிக்கு மிஞ்சுவது 1492.

தூரத்திலுள்ள சேர்வருக்கு இது தெரியாது. அது முழு 1500 பைட் பொதியை, ‘துண்டாக்காதே’ கொடியோடு அனுப்புகிறது. சேவை வழங்குநரின் பக்கத்து ரௌட்டரால் அதை 1492க்குள் திணிக்க முடியாது, துண்டாக்கவும் அனுமதி இல்லை, ஆகவே கீழே போட்டுவிட்டு ‘1492க்குள் அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தி அனுப்பும். சேர்வருக்கு முன்னாலுள்ள ஃபயர்வால் பாதுகாப்பு என்று சொல்லி ஐசிஎம்பி முழுவதையும் தடுத்தால் அந்தச் செய்தி போய்ச் சேராது. சேர்வர் அதே பெரிய பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சின்னப் பொதிகள் எல்லாம் ஒழுங்காகப் போய் வரும். அதனால்தான் பிங் போகிறது, பக்கம் வருவதில்லை.

உறுதிப்படுத்த இரண்டு கட்டளை போதும்:

```
ping -M do -s 1472 1.1.1.1
ping -M do -s 1464 1.1.1.1
```

1472உடன் ஐசிஎம்பி ஹெடர் 8, ஐபி ஹெடர் 20 சேர்ந்தால் 1500. 1464உடன் சேர்ந்தால் 1492. முதலாவது `Frag needed and DF set (mtu = 1492)` என்று சொல்லி மறுக்கப்பட்டு இரண்டாவது போனால், நடுவில் எட்டு பைட் உறை ஒன்று இருக்கிறது. விண்டோஸில் இதையே `ping -f -l 1472 1.1.1.1` என்று கொடுக்கலாம்.

வயர்ஷார்க்கிலும் இதற்கு ஒரு முகம் உண்டு. டிசிபி கைகுலுக்கல் மூன்றும் நடக்கும், உலாவியின் முதல் கோரிக்கை போகும், அதற்கு ஒப்புதலும் வரும். அதன்பின் சேர்வரிடமிருந்து பெரிய பொதி ஒன்றுகூட இருக்காது. சிலவேளை பெரியவற்றுக்குப் பின்னால் வரும் கடைசிச் சின்னப் பொதி மட்டும் வந்து, `TCP Previous segment not captured` என்று வயர்ஷார்க் எழுதிக் காட்டும்.

திருத்தும் இடம் ரௌட்டர். கைகுலுக்கும்போது இரு பக்கமும் ‘எனக்கு ஒரு பொதியில் இவ்வளவு தரவுதான் அனுப்பு’ என்று ஓர் எண்ணைச் சொல்லும், எம்எஸ்எஸ் என்பது அதுதான். 1500இல் ஐபிக்கு 20, டிசிபிக்கு 20 கழித்து உங்கள் கணினி 1460 என்று சொல்கிறது. வழியில் ரௌட்டர் அதைப் பிடித்து 1452 என்று மாற்றிவிட்டால் சேர்வர் ஒருபோதும் 1492க்கு மேல் அனுப்பாது. அந்த ஐசிஎம்பி செய்திக்கே தேவை வராது. பெரும்பாலான ரௌட்டர்கள் பிபிபிஓஇ என்று தேர்ந்தால் இதைத் தாமாகவே செய்யும். அந்த வீட்டுப் புது ரௌட்டரில், ஒரு பொதியின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியூ என்ற இடத்தில் 1500 என்று கையால் எழுதப்பட்டிருந்தது. 1492 ஆக்கியதும் பக்கம் திறந்தது. லினக்ஸையே ரௌட்டராக வைத்திருப்பவர்களுக்கு:

```
iptables -t mangle -A FORWARD -p tcp \
 --tcp-flags SYN,RST SYN \
 -j TCPMSS --clamp-mss-to-pmtu
```

இந்த முறை டிசிபிக்கு மட்டும்தான் உதவும். யூடிபியில் அளவு பேசிக்கொள்ளும் கைகுலுக்கல் கிடையாது; அதன்மேல் ஓடும் விபிஎன் போன்றவற்றில் அளவை நீங்களே குறைத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு புது உறைக்கும் எத்தனை பைட் என்று கூட்டி 1492இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் வேலை செய்கிறதா என்று பார்க்க, வயர்ஷார்க்கில் சேர்வரிடமிருந்து வரும் முதல் கைகுலுக்கல் பதிலைத் திறந்து எம்எஸ்எஸ் எண்ணைப் பாருங்கள். இரு திசையிலும் மாற்றும் ரௌட்டராக இருந்தால் 1452 என்று இருக்கும். அப்புறம் ஒரு பெரிய கோப்பை இறக்கிக்கொண்டே `Length` நிரலைக் கவனியுங்கள். 2000, 3000 என்று நம்ப முடியாத அளவுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வந்த பொதிகளைக் கேர்னல் ஒன்றாக ஒட்டி வயர்ஷார்க்கிடம் கொடுக்கிறது. `sudo ethtool -K eth0 gro off` என்று கொடுத்து அதை நிறுத்தலாம். `eth0` இடத்தில் உங்கள் கார்டின் பெயரைப் போடுங்கள். இப்போது பெரிய பொதிகள் 1514க்குப் பதில் 1506 என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும்: ஈதர்நெட்டின் 14, ஐபி பொதியின் 1492.